வெயில் வந்ததும் மங்கும் திரை

சைபர்பங்க் 2077 ஆட்டத்தில் நைட் சிட்டியின் தெருக்களை விட்டு வண்டியை வெளியே ஓட்டினால் பேட்லேண்ட்ஸ் என்ற பாலை நிலம் விரியும். நகரத்துக்குள் இரவில் நியான் பலகைகள் கண்ணைப் பறிக்கும். ஓஎல்இடி டிவி வாங்கியதே இதற்காகத்தான் என்று தோன்றும். ஆனால் நண்பகல் பாலையில் நிலைமை வேறு. மேலே முழு வானம், கீழே வெளிறிய மணல், நடுவில் சுட்டெரிக்கும் சூரியன். திரை கூச வேண்டிய அந்தக் காட்சி மேகம் மூடியதுபோல் சோர்ந்து தெரிகிறது. காட்சி மட்டுமல்ல, வலது மேல் மூலையில் உள்ள சிறு வரைபடமும் மங்கியிருக்கும். நிழலான ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் அதே வரைபடம் மறுபடி பளிச்சென்று ஆகிவிடும்.

டிவி பழுதாகிவிட்டதோ என்று பலர் கடைக்காரருக்குப் போன் செய்வது இந்தக் கட்டத்தில்தான். பழுது எதுவும் இல்லை. ஏபிஎல் என்று சுருக்கிச் சொல்லப்படும் தானியங்கி ஒளிக் கட்டுப்பாடு தன் வேலையைச் செய்கிறது. அது ஓஎல்இடியோடு வந்த புதுச் சரக்கும் அல்ல. பழைய குழாய் டிவிகளிலேயே அதே பெயரில் ஒரு சுற்று இருந்தது. திரை முழுக்க வெளிச்சமாகி மின்னோட்டம் எல்லை மீறும்போது பிக்சர் டியூபையும் அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் பகுதியையும் அது காத்தது. டிவி மெக்கானிக்குகளுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும்.

ஓஎல்இடியில் இது ஏன் இத்தனை வெளிப்படையாகத் தெரிகிறது? எல்சிடி டிவியில் ஒளி பின்னாலிருந்து வருகிறது, முன்னால் உள்ள பலகை அதை விடுவதும் மறைப்பதும்தான். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே இழுக்கிறது. இருண்ட காட்சியில் பெரும்பாலான புள்ளிகள் அணைந்தே கிடப்பதால், எரிகிற சிலவற்றுக்கு வேண்டிய அளவு கொடுக்க முடிகிறது. மாடித் தொட்டியிலிருந்து ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், வீட்டில் உள்ள எல்லாக் குழாயையும் திறந்தால் எதிலும் வேகம் இருக்காது. அதே கதைதான் இங்கும். எல்லாப் புள்ளிகளையும் உச்சத்தில் எரியவிட்டால் மின்வழங்கியும் தாங்காது, பலகையின் சூடும் எகிறும், ஒளி உமிழும் கரிமப் படலமும் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆகவே டிவி ஒவ்வொரு காட்சியின் மொத்தச் சுமையையும் பார்த்து, எல்லை மீறினால் திரை முழுவதையும் ஒரே விகிதத்தில் இறக்குகிறது.

இந்த எல்லையை எண்ணில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒளியின் அளவை நிட் என்ற அலகில் சொல்வார்கள். எல்ஜி நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு சி2 போன்ற ஒரு டிவியை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திரையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டம் காட்டினால் அது 800 நிட்டை ஒட்டி ஒளிரும். அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒளி இறங்கிக்கொண்டே வரும். திரை முழுவதும் வெள்ளையாகும்போது 150க்கும் 200க்கும் இடையில் வந்து நிற்கும். சிறிய அங்குலங்களில் இன்னும் சற்றுக் குறைவு.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எச்டிஆர் தயாரிப்புக்கு வகுத்த வழிகாட்டியில் சாதாரண வெள்ளைக்கு, அதாவது ஒரு வெள்ளைத் தாள் அல்லது திரையில் வரும் எழுத்துக்கு, 203 நிட் என்று பரிந்துரைக்கிறது. விளக்குகள், தீப்பொறி, சூரியன் எல்லாம் அதற்கு மேல். ஆக, பனிமலையோ பாலைவனமோ திரையை நிறைக்கும்போது சாதாரண வெள்ளையையே முழுத் திரைக்கும் கொடுக்க இந்த டிவியால் முடியாது. சினிமாவில் இது அவ்வளவாக உறுத்துவதில்லை. ஒளிப்பதிவாளர் சராசரி ஒளியைத் தாழ்வாகவே வைத்திருப்பார், காட்சியும் சில நொடிகளில் மாறிவிடும். ஆட்டத்தில் கேமரா நம் கையில் இருக்கிறது. வானத்தைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதும் நம் கட்டை விரலில். நிமிரும்போது மங்கி, குனியும்போது பளிச்சிடும் திரையைக் கண் உடனே கண்டுகொள்கிறது.

சரிசெய்யக் கிளம்புமுன், மங்குவது ஏபிஎல்லால்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இதே போலத் தெரியும் வேறு மூன்று காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சோதனை எளிது. திரை ஓரத்தில் அசையாமல் இருக்கும் ஒரு வெள்ளைக் குறியைப் பாருங்கள். உயிர்ப்பட்டை, சிறு வரைபடம், தோட்டா எண்ணிக்கை, எதுவானாலும் சரி. அறைச் சுவரைப் பார்த்தபடி கதாபாத்திரத்தை நிறுத்திவிட்டு, மெதுவாக வானத்தை நோக்கித் திரும்புங்கள். வானம் திரையை நிறைக்க நிறைக்க அந்தக் குறியும் சேர்ந்தே மங்கி, திரும்பி வந்ததும் உடனே பழைய நிலைக்கு வந்தால், அது ஏபிஎல். காட்சி மட்டும் மங்கிக் குறி அப்படியே இருந்தால் அது டிவியின் வேலை அல்ல. இருட்டிலிருந்து வெயிலுக்கு வரும்போது கண் பழகுவதைப்போல ஆட்டமே ஒளியை மாற்றுகிறது. அதற்கு டிவியில் எந்தப் பொத்தானைத் தட்டியும் பயனில்லை.

மூன்றாவது வகை மெதுவாக வருவது. பொருள் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டோ, அதிகம் அசையாத ஒரு காட்சியிலோ சில நிமிடங்கள் இருந்தால் திரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வேறு திரைக்குப் போனதும் சட்டென்று மீளும். படம் அசையாமல் நிற்பதைக் கண்டு, தடம் பதிந்துவிடாமலிருக்க டிவி எடுக்கும் தனி நடவடிக்கை இது. இதை ஏஎஸ்பிஎல் என்பார்கள். ஏபிஎல்லோடு இதைக் குழப்பிக்கொள்வதால்தான் இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பாதி வீணாகின்றன. நான்காவது, அறை வெளிச்சத்தைப் பார்த்து ஒளியைக் கூட்டிக் குறைக்கும் உணரியும் மின்சேமிப்பு அமைப்பும். எல்ஜியில் Energy Saving Step என்று இருக்கும். அதை அணைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டும்.

இனி உண்மையான ஏபிஎல்லுக்கு வருவோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை முற்றிலும் அணைக்கும் பொத்தான் பயனாளருக்குத் தரப்படவில்லை. அது மின்வழங்கியின் எல்லையோடும் பலகையின் எல்லையோடும் பிணைந்தது. நம்மால் முடிந்தது, எல்லையை மீறாத சுமையை டிவிக்கு அனுப்புவது. எல்லையைத் தொடாவிட்டால் அது இயங்கவே இயங்காது. இந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பாலைக் காட்சியையே கணக்குப் போடலாம். விளக்கத்துக்காக எளிமைப்படுத்திய கணக்கு இது. டிவி உள்ளே போடும் கணக்கு இதைவிடச் சிக்கல், ஆனால் போக்கு இதேதான். திரையின் 70 சதவீதத்தை வானமும் மணலும் 300 நிட்டில் நிறைக்கின்றன என்று வையுங்கள். மீதி 30 சதவீதம் நிழல், 30 நிட். சராசரி 219 நிட். நம் டிவி தாங்கும் முழுத்திரைச் சராசரி 160 என்றால், எல்லாவற்றையும் முக்கால் பங்குக்குச் சற்றுக் கீழே இறக்கியாக வேண்டும். 300 நிட் வானம் 220 ஆகிறது. 200 நிட்டில் இருந்த எழுத்து 146 ஆகிறது. 800 நிட்டில் சுடர்விட வேண்டிய சூரியன் 585க்குப் போய்விடுகிறது.

இப்போது ஆட்டத்தின் அமைப்பிலேயே சராசரி ஒளியை 30 சதவீதம் குறைத்து, உச்ச ஒளியை மட்டும் 800இலேயே விட்டுவைத்தால்? வானம் 210, நிழல் 21, சராசரி 153. எல்லைக்குள் வந்துவிட்டது, டிவி எதையும் தொடாது. வானம் முன்பு கிடைத்த 220க்குப் பதில் 210. அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சூரியன் தன் முழு 800இல் ஒளிர்கிறது. எழுத்து 140இல் நிற்கிறது, நீங்கள் எங்கே திரும்பினாலும் அதே 140. ஒளியைக் குறைத்ததால் பாலையில் இழந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை, சூரியன் மட்டும் முன்பைவிடக் கூடிவிட்டது. குறைத்தால் கூடும் என்பது முதலில் நம்பக் கடினமாக இருக்கும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் எதிர்த்திசையில் போய், டிவியில் உள்ள ஒளி அமைப்புகளை எல்லாம் மேலே தள்ளி, ஏபிஎல்லை இன்னும் ஆழமாகத் தூண்டிவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. இருண்ட காட்சிகளும் அதே 30 சதவீதம் இறங்குகின்றன. குகைக்குள் 30 நிட்டாக இருந்தது 21 ஆகும். கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை என்பதால் அது முப்பது சதவீத இழப்பாகத் தோன்றாது. இருந்தாலும் பகலில் சன்னலைத் திறந்துவைத்து விளையாடினால் தெரியத்தான் செய்யும். எனவே திரைச்சீலையை இழுத்துவிட்டு, அறையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதும் இந்த வைத்தியத்தில் ஒரு பாகம்தான். இருண்ட அறையில் 140 நிட் வெள்ளை தாராளம். வெளிச்சமான கூடத்தில் அதே வெள்ளை பற்றாக்குறையாகத் தோன்றும், கை தானாக ரிமோட்டைத் தேடும்.

செயல்முறைக்கு வருவோம். முதல் வேலை டிவியில். எல்ஜியில் கன்சோல் இணைப்புக்கு Game Optimizer படமுறையைத் தேர்ந்தெடுத்து, Dynamic Tone Mapping என்ற அமைப்புக்குப் போங்கள். அது இயங்கும் நிலையில் இருந்தால், வரும் காட்சியை டிவியே ஆராய்ந்து நடுத்தர ஒளியை உயர்த்திக் காட்டும். கடையில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நம் கணக்கில் வானத்தை 200இலிருந்து 300க்குத் தள்ளுவது பெரும்பாலும் இதுதான். ஒரு கையால் ஏற்றி மறு கையால் ஏபிஎல் வழியாக இறக்கும் வேலை. அதை HGiG என்ற தேர்வுக்கு மாற்றுங்கள். கன்சோல் நிறுவனங்களும் டிவி நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு இது. இந்தத் தேர்வில் டிவி தன்னிச்சையாக எதையும் உயர்த்தாது. தன்னால் முடிந்த உச்சம் வரை வந்ததை வந்தபடி காட்டும், அதற்கு மேல் வருவதை வெட்டிவிடும். உச்சத்துக்கு ஏற்ப ஒளியை வகுத்துக்கொள்ளும் பொறுப்பு ஆட்டத்துக்குப் போகிறது.

அந்தப் பொறுப்பை ஆட்டம் சரியாகச் செய்ய, டிவியின் உச்சம் எவ்வளவு என்று கன்சோலுக்குத் தெரிய வேண்டும். பிளேஸ்டேஷன் 5இல் அமைப்புகளில் Screen and Video பகுதிக்குள் Adjust HDR இருக்கிறது. மூன்று திரைகள் வரும். முதல் இரண்டும் உச்ச ஒளிக்கு, மூன்றாவது கறுப்புக்கு. வெளிச்சத் திரைகளில் உள்ள குறி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மறையும் இடத்தில் நிறுத்துங்கள், கறுப்புத் திரையில் கடைசி வரை இறக்குங்கள். இதில் வரிசை முக்கியம். டிவியில் HGiG தேர்ந்தெடுத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். Dynamic Tone Mapping ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தால் குறி மறையவே மறையாமல் எங்கோ மேலே போய் நிற்கும். டிவி பல ஆயிரம் நிட் தரும் என்று கன்சோல் நம்பிவிடும். அதன்பின் HGiG-க்கு மாறினால் சூரியனைச் சுற்றியுள்ள மேகங்கள் எல்லாம் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால், வரிசை தவறிவிட்டது என்று பொருள். எக்ஸ்பாக்ஸிலும் டிவி அமைப்புகளுக்குள் Calibrate HDR for games என்று இதே வேலை இருக்கிறது.

மூன்றாவது வேலை ஆட்டத்துக்குள். நம் கணக்கின் 30 சதவீதம் குறைவது இங்கேதான். சைபர்பங்கின் எச்டிஆர் பட்டியலில் Maximum Brightness, Paper White, Tone-Mapping Midpoint என்று மூன்று அளவுகள் இருக்கின்றன. முதலாவதை டிவியின் உச்சத்துக்கு, இங்கே 800க்கு, வைத்துவிட்டு மறந்துவிடலாம். Paper White என்பது சாதாரண வெள்ளையின் அளவு. அதை 200இலிருந்து 140 பக்கம் இறக்குங்கள். பிறகு பாலைக்கு வந்து மேலே சொன்ன வானச் சோதனையைச் செய்யுங்கள். எழுத்து மட்டும் இறங்கி, காட்சி போதிய அளவு இறங்கவில்லை என்றால் Midpoint அளவையும் ஒரு படி குறைத்து மறுபடி பாருங்கள். வானத்தைப் பார்க்கும்போது சிறு வரைபடம் மங்காமல் நிற்கும் இடம் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். எல்லா ஆட்டங்களிலும் இப்படி எண்ணோடு மூன்று அளவுகள் கிடைப்பதில்லை. சிலவற்றில் வெறும் ‘பிரைட்னஸ்’ என்று ஒரே கோடு இருக்கும். அது சராசரியை மட்டும் நகர்த்துகிறதா, உச்சத்தையும் சேர்த்து இழுக்கிறதா என்பதை ஒரு விளக்கைப் பார்த்தபடி நகர்த்தினால் கண்டுபிடித்துவிடலாம்.

இத்தனைக்கும் பதிலாக டிவியில் OLED Pixel Brightness அளவை 100இலிருந்து 70க்குக் குறைத்தால் போதாதா என்று கேட்கலாம். ஏபிஎல் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அது சராசரியோடு சூரியனையும் நியானையும் சேர்த்தே இறக்கும். எச்டிஆருக்கு விலை கொடுத்து வாங்கியதே அந்தச் சுடருக்காகத்தான். ஆட்டத்துக்குள் குறைக்க வழியே இல்லாதபோது மட்டும் இதைத் தொடலாம்.

எச்டிஆர் இல்லாத பழைய ஆட்டங்களிலும் சிலருக்கு மங்கல் வருகிறது. பிளேஸ்டேஷன் 5இல் எச்டிஆர் எப்போதும் இயங்கும்படி வைத்திருந்தால், சாதாரண ஆட்டங்களும் எச்டிஆர் போர்வையில்தான் டிவிக்குப் போகின்றன. HDR அமைப்பை On When Supported என்று மாற்றினால் அவை சாதாரண முறையிலேயே போகும். அந்த முறையில் வெள்ளையை 120 நிட் பக்கம் வைத்துக்கொண்டால், திரை முழுக்க வெள்ளையானாலும் டிவியின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும்.

சர்வீஸ் மெனு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மெக்கானிக்குகள் பயன்படுத்தும் ரிமோட்டை ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, எல்ஜி டிவியின் உள்மெனுவில் TPC, GSR என்ற இரண்டையும் அணைத்துவிடச் சொல்லும் காணொளிகள் ஏராளம். அவை அணைப்பது முன்பு சொன்ன மூன்றாவது வகையை, அசையாத படத்துக்கு வரும் மெதுவான மங்கலை. பாலையில் வானத்தைப் பார்த்ததும் வரும் மங்கலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அவற்றை அணைத்த பிறகும் ஏபிஎல் அப்படியே இருக்கும். போவது தடம் பதியாமல் காத்த பாதுகாப்பு மட்டுமே, கூடவே உத்தரவாதமும் போகலாம். அதே மெனுவில் பக்கத்திலேயே வேறு பல அளவுகள் இருக்கின்றன, தவறுதலாக ஒன்றை மாற்றினால் டிவி இயங்காமலே போகக்கூடும். ஏபிஎல்லுக்காக அங்கே போக ஒரு காரணமும் இல்லை.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விளம்பரங்களில் வரும் பெரிய நிட் எண்கள் எல்லாம் சிறு கட்டத்தின் அளவுகள். பாலையும் பனியும் எப்படித் தெரியும் என்பதை அவை சொல்லாது. விமர்சனங்களில் 2, 10, 25, 50, 100 சதவீதம் என்று கட்ட அளவு வாரியாகப் பட்டியல் இருக்கும், அதில் கடைசி வரியைப் பாருங்கள். நுண்வில்லைகள் பதித்த பலகையோடு 2023இல் வந்த எல்ஜி ஜி3, அந்த வரியில் 200ஐத் தாண்டியது. நான்கடுக்குப் பலகையோடு 2025இல் வந்த ஜி5, 300ஐத் தாண்டியது. மேலே போட்ட கணக்கில் 160 இருந்த இடத்தில் 300 வைத்தால், 219 நிட் சராசரி கொண்ட அந்தப் பாலைக் காட்சி எதுவும் குறைக்கப்படாமலே திரைக்கு வந்துவிடும்.